நானூறு கிராம் பிரெட்டும் நானூற்று அறுபத்தைந்து கிராம் மாவும்

என் மச்சினர் மகன் பிள்ளையார்பாளையத்தில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் அந்த வீட்டுக் கூடத்தில் இரண்டு தறி ஓடியது. இப்போது தறிக்குழி இருந்த இடத்தில் மாவு பிசையும் மிஷின் நிற்கிறது. சென்னையில் ஒரு பேக்கரியில் ஆறு வருஷம் வேலை பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டு வந்தவன். பன், பிஸ்கட், பிரெட் என்று எல்லாம் போடுகிறான். தினமும் அறுபது பிரெட் ஒரு மாணவர் விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைக்கு நிலையான வருமானம் என்று சொன்னால் அதுதான்.

ஒரு நாள் சாயங்காலம் முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தான். விடுதியின் மெஸ் மேலாளர் பத்து பிரெட்டை எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தாராம். கவரில் 400 கிராம் என்று அச்சடித்திருக்கிறது. தராசில் 385, 390, 394 என்று வந்திருக்கிறது. ஒன்றுகூட 400ஐத் தொடவில்லை. "படிக்கிற பசங்க வயித்துல அடிக்கறியா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"மாமா, நான் யாரையும் ஏமாத்தல. ஒவ்வொரு உருண்டையும் 450 போடறேன். அம்பது கிராம் கூடப் போட்டுத்தான் வெட்டறேன். அப்புறம் எப்படிக் குறையும்?" என்றான். குரல் உடைந்துவிட்டது. என் மனைவி காப்பி கொடுத்தாள், குடிக்கவில்லை.

நான் ஏன் இதில் தலையிட்டேன் என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் நான் எடை பார்த்த குமாஸ்தா என்பது இங்கே வந்து படிப்பவர்களுக்குத் தெரியும். நெசவாளிக்குப் பாவும் ஊடையும் சரிகையும் நிறுத்துக் கொடுப்போம். புடவை வந்ததும் நிறுத்து வாங்குவோம். சேதாரம் போகக் கணக்கு நேராக வேண்டும். ஒரு முறை ஐப்பசி மழையில் பட்டு வாங்கிப்போனவர், தை கடைசியில் புடவை கொண்டுவந்தார். இருபது கிராமுக்கு மேல் குறைந்தது. பட்டு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். மழைக்காலத்தில் நிறுத்த பட்டு, பனிவெயிலில் நிறுத்தால் அதே எடை காட்டாது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. கூலியில் பிடித்தோம். பதிவேட்டில் கையெழுத்து என்னுடையது. அவர் ஒரு வார்த்தை பேசாமல் மிச்சக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். நாற்பது வருஷம் ஆகப்போகிறது, அந்த முகம் மறக்கவில்லை.

அதனால் மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தோடு அவன் கடைக்குப் போய் உட்கார்ந்தேன்.

முதலில் தராசு. தராசு பொய் சொன்னால் மற்றதெல்லாம் வீண். முத்திரை போட்ட 200 கிராம் படிக்கல் இரண்டை வைத்துப் பார்த்தோம், சரியாக 400 காட்டியது. அப்புறம் பத்து உருண்டையை வெட்டியதும் நிறுத்து, டின்னுக்குச் சுண்ணாம்பால் நம்பர் போட்டு எழுதினேன். சராசரி 449. பையன் கை சுத்தம், ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் ஏற்ற இறக்கம் இல்லை.

மாவு டின்னில் பொங்கி, அடுப்புக்குப் போய், முப்பத்தைந்து நிமிஷத்தில் வெளியே வந்தது. டின்னிலிருந்து தட்டியதும் சுடச்சுட நிறுத்தோம். சராசரி 399. பையன் என்னைப் பார்த்தான். "பாத்தீங்களா மாமா, நானூறு இருக்கு. நான் தினமும் இப்படித்தான் ரெண்டு எடுத்து வெச்சுப் பாக்கறேன்" என்றான்.

"இரு, கவர்ல எப்பப் போடுவ?"

"ரெண்டு மணி நேரம் ஆறணும். சூட்டோட போட்டா உள்ள வேர்த்துப் பூசணம் புடிக்கும்."

அப்போ ரெண்டு மணி நேரம் கழித்து நிறுக்கலாம் என்றேன். நாயர் கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தோம். அதே பத்து பிரெட்டையும் நம்பர் வரிசையில் மறுபடி வைத்தோம். சராசரி 391. ஆறுகிற ரேக்குக்கு நேராக ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டு கிராம் சத்தமில்லாமல் காற்றோடு போய்விட்டது.

பையன் நிறுத்தது சூட்டில், மேலாளர் நிறுத்தது ஆறிய பிறகு. இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

எடை எங்கே போகிறது என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லாம் தண்ணீர். மாவு புளிக்கும்போது வாயுவாகவும் சாராயமாகவும் கொஞ்சம் போகும், ஆனால் அது அற்பம். அடுப்பில் பிரெட்டின் மேற்புறம் காய்ந்து தோலாகிறது, உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி அந்தத் தோல் வழியே வெளியேறுகிறது. அடுப்பு இருநூறு டிகிரிக்கு மேல் இருந்தாலும் பிரெட்டின் நடுப்பகுதி தண்ணீர் கொதிக்கிற சூட்டைத் தாண்டாது, ஏனென்றால் அங்கே ஈரம் இருந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் நடு மெத்தென்றும் ஓரம் மொறுமொறுவென்றும் இருக்கிறது. வெளியே எடுத்த பிறகும் உள்சூடு அடங்கும்வரை ஆவி போய்க்கொண்டேதான் இருக்கும்.

449 போட்டு 391 வந்தால், போனது 58. நூற்றுக்குக் கிட்டத்தட்ட 13. டின் பிரெட்டுக்கு இது அதிசயமான கணக்கு இல்லை. அடுப்புக்கு அடுப்பு மாறும், பொதுவாகப் பத்திலிருந்து பதினைந்துக்குள் நிற்கும். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த சென்னை மாஸ்டர் "நானூறுக்கு அம்பது சேர்த்துப் போடு" என்றது அந்த மாஸ்டரின் அடுப்புக்குச் சரியாக இருந்திருக்கும். அங்கே பெரிய அடுப்பு, இருபத்தெட்டு நிமிஷத்தில் வெந்துவிடுமாம். இவனுடையது சின்னது, கதவைத் திறந்து மூடினால் சூடு இறங்கிவிடுகிறது, முப்பத்தைந்து நிமிஷம் வைக்க வேண்டியிருக்கிறது. அந்த ஏழு நிமிஷத்துக்கும் ஆவி போகும் அல்லவா? ஒருத்தர் அடுப்பின் கழிவை இன்னொருத்தர் அடுப்புக்குக் கொண்டுவர முடியாது.

இனிமேல்தான் முக்கியமான இடம். பையன் உடனே செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டான். "நூத்துக்குப் பதிமூணு போகுது. அப்போ நானூறோட பதிமூணு சதவீதம் 52. இனிமே 452 போடறேன் மாமா."

நான் சிரித்துவிட்டேன். பாவம், அவன் மேல் தப்பில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்து, பெரிய குமாஸ்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

கச்சாப் பட்டில் இயற்கையான பசை ஒன்று உண்டு. சாயம் போடுவதற்கு முன்னால் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து அதை எடுப்பார்கள். சுமார் கால் பங்கு எடை அதில் போய்விடும். ஒரு புடவைக்கு 750 கிராம் சுத்தப் பட்டு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கச்சாப் பட்டு எடுக்க வேண்டும்? நான் 750க்குக் கால் பங்கு 187, கூட்டினால் 937 என்று எழுதினேன். பெரியவர் பேனாவை வாங்கி அடித்துவிட்டு 1,000 என்று எழுதினார். 937ஐ வேகவைத்தால் அதில் கால் பங்கு போய் 703தான் நிற்கும். 47 கிராம் துண்டு விழும். போகிற கால் பங்கு, போடுகிற பட்டில் கால் பங்கு. வருகிற பட்டில் கால் பங்கு இல்லை.

பிரெட்டுக்கும் அதேதான். கழிவு மாவின் மேல் விழுகிறது. 452 போட்டால் அதில் பதிமூன்று சதவீதம் போய் 394க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். மேலாளர் மறுபடியும் கத்துவார். கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும். அவனுடைய கணக்கில் 449க்கு 391 நிற்கிறது, அதாவது போட்ட ஒவ்வொரு நூறு கிராமுக்கும் 87 சொச்சம். துல்லியமாக 87.1. நமக்கு வேண்டிய எடையை 0.871ஆல் வகுத்தால் போட வேண்டிய மாவு கிடைக்கும்.

"நானூறை வகுத்தா 459 வருது மாமா. 460 போடட்டுமா?"

வேண்டாம் என்றேன். 460 போட்டால் சராசரிதான் 400க்கு வரும். சராசரி என்றால் பாதி பிரெட் அதற்குக் கீழே இருக்கும் என்றுதான் அர்த்தம். பொட்டலப் பொருள் விதிகள் இதில் கொஞ்சம் நியாயமாகவே நடந்துகொள்கின்றன. 300லிருந்து 500 கிராம் வரையுள்ள பொட்டலத்துக்குத் தனித்தனியாகப் பார்க்கும்போது நூற்றுக்கு 3 வரை குறை பொறுத்துக்கொள்ளப்படும். 400 கிராமுக்கு அது 12 கிராம். ஆனால் எடுத்துப் பார்க்கிற மாதிரிகளின் சராசரி, கவரில் போட்டிருக்கிற எடைக்குக் கீழே போகக் கூடாது. "பன்னிரண்டு கிராம் சலுகை இருக்கிறதே" என்று எல்லா பிரெட்டையும் 390ஆகப் போட முடியாது. முத்திரை ஆய்வாளர் வந்தால் இவன் பிரெட் சராசரியிலேயே விழுந்திருக்கும். கவரோடு சேர்த்து நிறுத்துக் காட்டுவதும் செல்லாது. அச்சடித்த எடை உள்ளே இருக்கிற பண்டத்துக்கு மட்டும்.

(இலங்கையில் இருக்கும் என் வாசகர் ஒருவர் முன்பு எழுதியிருந்தார். அங்கே பாணுக்கு 450 கிராம் என்று வைத்து, 2024ல் 13.5 கிராம் வரை குறையலாம் என்று அரசாங்கமே நிர்ணயித்தது. பழைய ஒரு இறாத்தல் கணக்குதான் அந்த 450 ஆகியிருக்கிறது. நம் ஊரில் பிரெட்டை நூறு நூறு கிராமாகத்தான் பொட்டலம் கட்ட வேண்டும் என்று இருந்ததை 2022ல் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் 400க்குப் பழகிய கை 400தான் கேட்கிறது.)

அதனால் 405ஐக் குறிக்கோளாக வைத்தோம். 405ஐ 0.871ஆல் வகுத்தால் 465. சுவரில் அடுப்புக்குப் பக்கத்தில் சாக்பீஸால் எழுதினோம்.

ஆனால் அது மட்டும் போதாது என்று என் நோட்டுப் புத்தகம் சொன்னது. நம்பர் போட்டதன் லாபம் இங்கேதான். அடுப்பின் பின்சுவரை ஒட்டி வைத்த நாலு பிரெட்டின் சராசரி 386. முன்னால் இருந்த ஆறின் சராசரி 394. பின்னால் நெருப்பு கடுமை, நிறமும் கறுத்திருந்தது. இப்படியே விட்டுவிட்டு மாவை மட்டும் கூட்டினால், முன்னால் வேகிறவனுக்கு 408, பின்னால் வேகிறவனுக்கு 400. பாதி நேரத்தில் தட்டைத் திருப்பிப் போடச் சொன்னேன். அது அவனுக்கும் தெரிந்த வித்தைதான், தனி ஆளாக நிற்பதால் விட்டுவிட்டிருக்கிறான்.

அடுத்த நாள் 465 போட்டு, தட்டைத் திருப்பி, ஆறிய பிறகு நிறுத்தோம். சராசரி 405. மிகக் குறைந்தது 398.

இடையில் அவனாக ஒரு குறுக்குவழி யோசித்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து நிமிஷம் முன்னாலேயே எடுத்துவிட்டால் ஆவி மிச்சமாகுமே என்று, பழைய 450லேயே ஒரு டின் போட்டுப் பார்த்தான். எடை நன்றாகத்தான் நின்றது, ஆறிய பிறகும் 399. ஆனால் சாயங்காலத்துக்குள் பக்கவாட்டுச் சுவர் இரண்டும் உள்ளே ஒடுங்கிவிட்டன. மறுநாள் அறுத்தால் கத்தியில் ஒட்டியது. இரண்டாம் நாள் பூசணம் பிடிக்கும் வாசனை. போக வேண்டிய தண்ணீர் போகாமல் உள்ளே நின்றால் அப்படித்தான். இதில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கழிவு என்பது குறை இல்லை, வெந்ததற்கு அடையாளம். வழக்கமாகப் பதிமூன்று போகிற அடுப்பில் ஒரு நாள் பத்துதான் போயிருக்கிறது என்றால் பிரெட் வேகவில்லை. பதினாறு போயிருக்கிறது என்றால் வறண்டுவிட்டது. அறுத்துப் பார்க்காமலே தராசு சொல்லிவிடும்.

அப்புறம் பாதி பிரெட். சின்னக் குடும்பங்களுக்கென்று 200 கிராமில் ஒன்று போடுகிறான். 450ல் பாதி 225 என்று வெட்டிக்கொண்டிருந்தான். அதையும் நிறுத்துப் பார்த்தோம், 192. நூற்றுக்குப் பதினாலரைக்கு மேல் போகிறது! ஏன் என்று கேட்டான். வடை மாவை இரண்டாகக் கிள்ளினால் மொத்தமாகப் பொன்னிறத் தோல் கூடுமா குறையுமா என்று திருப்பிக் கேட்டேன். உருவம் சிறுத்தால், எடையைப் பார்க்க மேற்பரப்பு அதிகம். ஆவி போகிற வாசல் அதிகம். பாதி எடைக்குப் பாதி மாவு போதாது. 204 வேண்டும் என்று 0.853ஆல் வகுத்து, 240 ஆக்கினோம்.

புதுச்சேரியில் நீளமாகக் குச்சி மாதிரி விற்கிற பிரெஞ்சு ரொட்டியைப் பார்த்திருப்பீர்கள். டின் இல்லாமல், உடம்பு முழுக்கத் தோலாக வேகிறது. பிரான்சில் அதற்கு 350 கிராம் மாவு போட்டு 250 கிராம் ரொட்டி எடுப்பது வழக்கம். கால் பங்குக்கு மேல் ஆவியாகிறது. எங்கள் பட்டைப் போல! மறுபுறம், மூடி போட்ட டின்னில் வேகிற பெரிய சாண்ட்விச் பிரெட்டில் கழிவு குறைவு. இவன் 900 போட்டால் 805 நிற்கிறது.

இதையெல்லாம் வீட்டில் விவரித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி, "நல்லவேளை, வரதராஜர் கோயில் குடலை இட்லிக்கு இந்தக் கஷ்டம் கிடையாது" என்றாள். வாஸ்தவம். அது ஆவிக்குள்ளேயே வேகிறது. வெளியே காய்ந்த காற்று இல்லாதபோது ஈரம் எங்கே போகும்? இருந்தாலும் ஒரு நாள் நிறுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் திட்டுவாள் என்று சொல்லவில்லை.

செலவு எவ்வளவு கூடியது என்று பையனுக்குக் கவலை. பிரெட்டுக்குப் பதினைந்து கிராம் கூடுதல், அறுபது பிரெட்டுக்கு 900 கிராம் பிசைந்த மாவு. அதில் தண்ணீர், சர்க்கரை எல்லாம் போக மைதா அரைக்கிலோவுக்குச் சற்று மேலே. "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். தினமும் அரைக்கிலோ மைதாவுக்காகத் தன் பெயர் போனதை நினைத்திருப்பான்.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் விடுதிக்குப் போனோம். மேலாளர் முதலில் உட்காரச் சொல்லவில்லை. அதற்குள் வேறு ஒரு கடையில் வாங்க ஆரம்பித்துவிட்டார். சூட்டில் 399, ஆறி 391 என்று எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினேன். தயாராகக் கொண்டுபோயிருந்த பத்து பிரெட்டை அவர் தராசிலேயே வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக வைத்தார். ஐந்தாவதுக்கு அப்புறம், "போதும் சார்" என்றார். முப்பது பிரெட் தருகிறேன் என்று சொன்னார். மீதி முப்பது இன்னும் அந்த வேறு கடைக்குத்தான் போகிறது. அன்று எல்லோர் முன்னால் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, பையனும் கேட்கவில்லை.

மழைக்காலம் வந்ததும் மறுபடி நோட்டோடு போனேன். காற்றில் ஈரம், ஃபேனையும் நிறுத்தியிருந்தான். 465 போட்டு, ஆறிய பிறகு 408 நின்றது. மூன்று கிராம் மிச்சம். 462 ஆக்கலாமே என்று சொன்னேன்.

"இருக்கட்டும் மாமா, தை மாசம் எப்படியும் போயிடும்" என்றான்.

சுவரில் 465 அப்படியே இருக்கிறது.